கம்பிப் பதத்தில் ஒரு தயிர்

எங்கள் அம்மாயி தயிர்ப் பானையில் கரண்டியை விட்டு மெல்லத் தூக்கிப் பார்ப்பார். தயிர் துண்டாக அறுந்து விழுந்தால் சரி. கரண்டிக்கும் பானைக்கும் நடுவில் ஓர் இழை தொங்கினால் முகம் மாறிவிடும். "நூல் விடுது. இத உறைக்கு வெக்காத" என்பார். அன்றைக்கே பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணத்தோடு என்னை அனுப்புவார், நல்ல உறைமோர் வாங்கி வர.

பால் பண்ணைத் தொழிலுக்கு வந்த பிறகு, அந்த நூலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. வெள்ளிநிறப் பொட்டலத்தில், உறைநிலையில் வைத்துக் காக்க வேண்டிய வெளிர்மஞ்சள் பொடியாக வருகிறது அது. உள்ளே இருப்பவை உலர்ந்த பாக்டீரியாக்கள். இவற்றைத் தேடித்தேடிப் பிரித்தெடுத்தவர்கள் பார்த்ததும் அம்மாயி பார்த்த அதே குணத்தைத்தான்: கரண்டியைத் தூக்கினால் இழை வருகிறதா?

கடையில் விற்கும் பழ யோகர்ட் கிண்ணத்தைத் திருப்பி, பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பால், பால் பவுடர், சர்க்கரை, பழக்கூழ் என்று போய், பல கிண்ணங்களில் ‘நிலைநிறுத்தி’ என்ற சொல்லும் INS என்று தொடங்கும் ஓர் எண்ணும் இருக்கும். INS 1442 என்றால் வேதிமுறையில் மாற்றிய ஸ்டார்ச். INS 440 என்றால் பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டின். வெளிநாட்டுக் கிண்ணங்களில் ஜெலட்டினும் இருக்கும். அது விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது என்பதால் நம் ஊரில் சைவக் குறி கிடைக்காது. இவை எதுவும் நஞ்சு அல்ல. தயிர் நீர்த்துப் போகாமல், மேலே தெளிநீர் மிதக்காமல் இருக்கச் சேர்ப்பவை. ஆனால் பிரான்சிலும் நெதர்லாந்திலும் வெறும் யோகர்ட்டில் இவற்றைச் சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்குள்ளவர்கள் வேறு வழி தேடித்தான் ஆக வேண்டும். தயிராக்கும் பாக்டீரியாவையே கெட்டிப்படுத்தும் வேலைக்கும் அமர்த்தினார்கள்.

யோகர்ட் என்பது நம் வீட்டுத் தயிர் அல்ல. வீட்டில் உறை ஊற்றும்போது பல வகை பாக்டீரியாக்கள் கூட்டாக, அறையின் சூட்டில் வேலை செய்கின்றன. யோகர்ட்டில் இரண்டே பேர்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். இருவரும் 40 டிகிரியை ஒட்டிய சூட்டை விரும்புகிறவர்கள். பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குவதுதான் முதல் வேலை. இவர்களில் சில இனங்கள் அந்தச் சர்க்கரையில் ஒரு சிறு பங்கை எடுத்து வேறொன்று செய்கின்றன.

பூக்கட்டுகிறவர் கையைக் கவனித்திருப்பீர்கள். நாலைந்து பூவைச் சேர்த்து ஒரு கண்ணி, அதோடு அடுத்த கண்ணி, சரம் மடியிலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பாக்டீரியாவும் அப்படித்தான். குளுக்கோஸ், காலக்டோஸ், சில இனங்களில் ராம்னோஸ் ஆகிய சர்க்கரைகளைச் சிலவாகச் சேர்த்து ஒரு கண்ணி கட்டுகிறது. அதைத் தன் மேல்சவ்வு வழியே வெளியே தள்ளி, அங்கே அடுத்த கண்ணியோடு முடிகிறது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் சேர்ந்தால் ஒரு நீண்ட சரம். செல்லுக்கு வெளியே நிற்கும் சர்க்கரைச் சரம் என்பதால் எக்ஸோபாலிசாக்கரைடு என்று பெயர். இந்தக் கட்டுரையில் நூல் என்றே சொல்லிக்கொள்கிறேன், அம்மாயி சொன்னபடி.

எனக்கு இதில் இன்றும் வியப்பு அளவுதான். ஒரு லிட்டர் பாலைக் கெட்டிப்படுத்த ஜெலட்டின் போட்டால் மூன்று முதல் ஐந்து கிராம் வரை தேவைப்படும். நூல் விடும் பாக்டீரியா ஒரு லிட்டரில் கட்டுவது பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 கிராம், விரல் நுனியில் ஒட்டும் உப்பின் எடை. அதைவிடக் குழப்பமானது, அதிகமாக நூல் கட்டும் இனம்தான் அதிகக் கெட்டியாக்கும் என்றும் இல்லை. நீளமான, விறைப்பான சரத்தைக் கொஞ்சமாகக் கட்டும் இனம், குட்டையான சரத்தை நிறையக் கட்டும் இனத்தைத் தோற்கடித்துவிடும். ஒரே எடைப் பஞ்சை உருண்டையாகக் கையில் வைத்தால் ஒன்றுமில்லை. நூலாக நூற்று அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் யாரும் நடக்க முடியாது. ஆகவே சோதனைச்சாலையில் நூலை எடைபோட்டு இனத்தைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்றும். தயிராக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

தயிராக்கும்போது என்ன நடக்கிறது? பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அமிலம் கூடி pH 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் ஒன்றையொன்று பிடித்து வலையாகின்றன. வலைக்கண்களில் நீர் சிறைப்படுகிறது. அதுதான் தயிர். கிண்ணத்திலேயே உறையவிட்டு அப்படியே விற்றால் இந்த வலை போதும். பழ யோகர்ட் அப்படியல்ல. பெரிய தொட்டியில் உறையவிட்டு, கலக்கி, பழம் சேர்த்து, குழாய் வழியே கிண்ணத்துக்கு அனுப்புகிறார்கள். கலக்கியவுடன் வலை சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. துண்டுகளுக்கு இடையே தண்ணீர் ஓடுகிறது. கரண்டியில் எடுத்தால் மோராகச் சொட்டும், நாக்கில் மாவுபோல நெருடும்.

நூல் இருந்தால் கதை வேறு. வலை பின்னப்படும்போதே அதன் கண்களுக்குள் பாக்டீரியாவும் அதன் நூலும் சிக்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாவிலிருந்து புரத வலை வரை இழைகள் ஓடுவது தெரியும். கலக்கி உடைத்த பின்னும் துண்டுகளுக்கு இடையிலுள்ள நீர் வெறும் நீராக இல்லை. நூல் கரைந்து அது பாகாகியிருக்கிறது. அதனால் துண்டுகள் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன, நெருடல் தெரிவதில்லை. கிண்ணத்தைச் சாய்த்தால் தயிர் பளபளவென்று மடிப்பு மடிப்பாக இறங்கும். வெல்லப்பாகில் பதம் பார்த்த கை இதை உடனே அடையாளம் காணும்.

பொட்டலத்தை வாங்கிப் போட்டால் மட்டும் இது வந்துவிடாது. பொள்ளாச்சிப் பக்கம் சின்னப் பண்ணை வைத்திருக்கும் ஒரு தம்பியோடு நின்று இதைக் கற்றுக்கொண்டேன். நூறு லிட்டர் தொட்டி. மாம்பழ யோகர்ட் போடுகிறார். ஸ்டார்ச்சும் பெக்டினும் சேர்த்துக்கொண்டிருந்தவர், பட்டியலில் எண் எதுவும் இல்லாத கிண்ணம் வேண்டும் என்று நூல் விடும் பொடியை வாங்கினார். பழைய முறைப்படியே எல்லாம் செய்தார். இரண்டு நாள் கழித்து போன். "அக்கா, தொட்டியில பாக்கறப்ப ஜோரா இருந்துச்சுங்க. கிண்ணத்துக்கு வந்தா தண்ணியாட்டம் கிடக்குது. காசு போச்சுங்க."

போய்ப் பார்த்ததில் மூன்று இடம் இடித்தது.

முதலாவது பால். செலவைக் குறைக்கப் பால் பவுடரை நிறுத்தியிருந்தார், ஸ்டார்ச் செய்த வேலையை நூல் செய்துவிடும் என்று எண்ணி. நூல் நீரைப் பாகாக்கும், வலையைப் பின்னாது. வலை பின்னப் புரதம் வேண்டும். புரதம் போதாத பாலில் நூல் மட்டும் இருந்தால் கிடைப்பது கொழகொழப்பான தண்ணீர். நூறு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ கொழுப்பு நீக்கிய பால் பவுடரைத் திரும்பச் சேர்த்தோம். பாலைச் சூடாக்குவதிலும் அவசரம் இருந்தது. 75 டிகிரி தொட்டதும் இறக்கிவிடுவார். கிருமி சாகும், தயிருக்கு அது போதாது. 90 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தால்தான் மோர்ப்புரதங்கள் குலைந்து கேசின் உருண்டைகளோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது வலை அடர்த்தியாகும், நீர் கசிவது குறையும்.

இரண்டாவது சூடு. அவர் உறை சேர்த்தது 43 டிகிரியில். அந்தச் சூட்டில் நாலரை மணி நேரத்தில் தயிர் தயார். தொழிலில் நேரம் பணம்தான். ஆனால் பாக்டீரியா பெருகிக்கொண்டே ஓடும்போது சர்க்கரையையும் செல்சுவர் கட்டும் சரக்கையும் தன் உடம்புக்கே செலவழிக்கிறது. நூலுக்கும் சுவருக்கும் ஒரே கிடங்கிலிருந்துதான் சரக்கு வர வேண்டும். வேகத்தைக் குறைத்தால் நூலுக்கு மிச்சப்படுகிறது, கட்டவும் நேரம் கிடைக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. சூடு குறைவாக இருக்கும்போது புரத வலையும் நிதானமாக, சின்னச் சின்னக் கண்களோடு பின்னப்படுகிறது. வேகமாக உறைந்த தயிரில் கண்கள் பெரிது, நீர் எளிதில் வெளியேறும். 38 டிகிரிக்கு இறக்கினோம். தயிராக ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் வேலைக்காரர்களின் முகமுறை மாற வேண்டியிருந்தது, ஆனால் தயிர் மாறிவிட்டது.

மூன்றாவது பம்ப். இதைத்தான் அவர் கடைசிவரை நம்பவில்லை. தொட்டியிலிருந்து கிண்ணத்துக்குத் தள்ள, தண்ணீர் இறைப்பதற்கு வைத்திருப்பது போன்ற வேகமாகச் சுழலும் பம்ப். அதன் இறக்கைகள் தயிரை அடித்தடித்து, பாக்டீரியாவிலிருந்து நூலைப் பிய்த்து, வலைத்துண்டுகளை மேலும் பொடியாக்கிவிடும். ஸ்டார்ச் கரைசல் இந்த அடியைத் தாங்கியதால்தான் இத்தனை நாள் குற்றம் தெரியவில்லை. மெதுவாகப் பிழிந்து தள்ளும் வகைப் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வளைவுகள் குறைந்த அகலக் குழாயைப் போட்டோம். pH 4.6 வந்ததும் துடுப்பால் மெல்லக் கலக்கி, 20 டிகிரி வரை ஆறவிட்டு நிரப்பினோம். பிறகு குளிர் அறை.

நிரப்பியவுடன் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிட்டு அவர், "இப்பவும் கொஞ்சம் நெகிழ்வாத்தானுங்க இருக்குது" என்றார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். கலக்கிய தயிர் குளிரில் அசையாமல் இருக்கும்போது உடைந்த பிணைப்புகள் ஓரளவு திரும்ப ஒட்டுகின்றன. நிரப்பிய நாளில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு நாள் கழித்து, வீட்டுப் புனல் ஒன்றின் வாயை விரலால் மூடி, பழைய தயிரையும் புதிய தயிரையும் ஒரே அளவு ஊற்றி, இறங்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்தோம். புதியது இரு மடங்குக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டது. டச்சுக்காரர்கள் இதையே அளவு குறித்த புனலில் செய்கிறார்கள், போஸ்துமுஸ் புனல் என்று அதற்குப் பெயர். பல லட்ச ரூபாய்க் கருவி இல்லாதவருக்குப் புனலும் கடிகாரமும் மோசமில்லை. தயிரின் குளிர்ச்சி மட்டும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதிகமாகிவிடும் ஆபத்தும் உண்டு. மறுமாதம் இன்னும் வலுவாக நூல் விடும் பொடி ஒன்றைத் தருவித்தார். ருசி பார்த்த அவர் மகள் கரண்டியை வைத்துவிட்டாள். "சளியாட்டம் இருக்குதுப்பா." குழந்தை சொன்னது சரி. கரண்டியைத் தூக்கினால் இழை அரை அடி வந்தது. பின்லாந்தில் இதை ஆசையாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே வீலி என்ற பால், லாக்டோகாக்கஸ் பாக்டீரியாவால் 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு நாள் முழுக்க உறைவது. வெல்வெட் துணி போன்ற மேற்பூஞ்சையும் அதில் உண்டு. கரண்டியில் எடுத்தால் நீண்டு தொங்கும். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இத்தகைய நூல் பால் உண்டு. தாவரங்களுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ், 1737-இல் வெளியிட்ட லாப்லாந்துத் தாவர நூலில் இதைக் குறித்திருக்கிறார். அங்குள்ளவர்கள் பூச்சி பிடிக்கும் ஒரு செடியின் இலைமேல் பாலை ஊற்றித் தயாரித்தார்களாம். நம் நாக்கு அதற்குப் பழகவில்லை. ஆகவே வலுவான பொடியைப் பாதியாக்கி, நூல் விடாத இனத்தோடு கலந்தோம். இழை ஒரு விரற்கடை வந்து அறுந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் நாக்குக்கு மட்டும் தெரியும் நூல்.

"இதையே எடுத்து அடுத்த தொட்டிக்கு உறையா ஊத்தினா என்னங்க? பொடிக்காசு மிச்சமாகுமே" என்று கேட்டார் தம்பி. எல்லோரும் கேட்கும் கேள்விதான். இரண்டு மூன்று முறை ஓடும். பிறகு ஒருநாள் காரணம் தெரியாமல் நூல் காணாமல் போகும்.

நூல் கட்டும் மரபணுக்கள் வீலியின் லாக்டோகாக்கஸில் முதன்மை டி.என்.ஏ-வில் இருப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில், கைப்பையில் வைத்த சாமான்போல இருக்கின்றன. செல் பிரியும்போது சில குஞ்சுகள் கைப்பை இல்லாமலே பிறக்கின்றன. சூடு சற்று கூடினால் இது அடிக்கடி நடக்கும். நூல் கட்டும் செலவில்லாத இவை வேகமாகப் பெருகி, கட்டுகிறவற்றைச் சில தலைமுறையில் ஓரங்கட்டிவிடும். யோகர்ட்டின் ஸ்ட்ரெப்டோகாக்கஸில் மரபணுக்கள் முதன்மை டி.என்.ஏ-விலேயே இருக்கின்றன. அங்கும் இடம் மாறித் தாவும் துணுக்குகள் நடுவில் வந்து உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும். சோதனைச்சாலையில் இதைப் பிடிக்க அழகான வழி ஒன்று உண்டு. பால் கலந்த தட்டில் ருதேனியம் சிவப்பு என்ற சாயத்தைச் சேர்த்துப் பாக்டீரியாவை வளர்ப்பார்கள். சாயம் செல்சுவரைப் பற்றிச் சிவக்கும். நூல் மூடியிருந்தால் சாயம் எட்டாது. வெள்ளைப் புள்ளிகள் நூல் விடுபவை, இளஞ்சிவப்பானவை நூலை இழந்தவை.

பண்ணையில் தட்டெல்லாம் இல்லை. அங்கே அடையாளம் நேரம்தான். தயிர் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாகப் புளித்து, கிண்ணத்தின் ஓரத்தில் மெல்லிய பச்சை கலந்த நீர் கோத்தால் நூல் போகிறது என்று அர்த்தம். புதுப் பொட்டலம் பிரிக்க வேண்டும். அம்மாயி சொன்ன "இத உறைக்கு வெக்காத" இங்கே தலைகீழாகப் பொருந்துகிறது.

அம்மாயியின் பயத்தில் நியாயமும் இருந்தது. நூல் விடுவதெல்லாம் நல்லவை அல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் சில பாக்டீரியாக்களும், சாணம் வழியே வரும் கோலிஃபார்ம் கூட்டமும் பாலில் கொழகொழப்பை உண்டாக்கும். பிரித்தறிய மூக்கும் கண்ணும் போதும். நல்ல நூல் புளிப்போடு சேர்ந்தே வரும். பால் புளிக்காமல், குளிர்சாதனப் பெட்டியிலிருக்கும்போதே இழை விட்டால் அது பாத்திரம் சரியாகக் கழுவாததன் விளைவு. தயிரில் குமிழிகள், பிளவுகள், சாணி வாடை, கசப்பு இருந்தால் நூலைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். வெயில் காலத்தில் வீட்டுத் தயிர் மட்டும் இழை விட்டு, வாடையும் ருசியும் சரியாக இருந்தால், பெரும்பாலும் உறையிலிருந்த லாக்டிக் பாக்டீரியாக்களில் நூல் கட்டுபவை கை ஓங்கியிருக்கின்றன. அதில் மோர்க்குழம்பு வைக்கலாம்.

எல்லாத் தயிருக்கும் இந்த முறை பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். உறைந்த பின் மறுபடி சூடாக்கி, மாதக்கணக்கில் வெளியே வைத்து விற்கும் யோகர்ட்டிலும் லஸ்ஸியிலும் புரதம் திரண்டு அடியில் படியும். அதை இந்தச் சிறு அளவு நூலால் தடுக்க முடியாது. அங்கே பெக்டின்தான் வேலை செய்யும். நீர்த்த பழக்கூழைக் கொட்டினாலும் கட்டிய நூல் பயனற்றுப் போகும். மாம்பழக்கூழை முதலில் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துத்தான் சேர்க்கிறோம்.

பண்ணையில் இப்போது அடுத்த வேலை பானைத் தயிர். அதற்கு இழையே ஆகாது. கரண்டியால் வெட்டினால் கேக் போலத் துண்டாக நிற்க வேண்டும், வெட்டிய பள்ளத்தில் நீர் கோக்கக் கூடாது. இதற்கென்றே வேறொரு வகை இனம் இருக்கிறது. அது கட்டும் சரத்தை வெளியே விடாமல் தன் மேலேயே போர்வைபோலச் சுற்றிக்கொள்ளும். போர்வை நீரைப் பிடித்துவைக்கும், கரண்டியில் இழை தொங்காது. முதல் ஆறு பானைகளைப் போன வாரம் போட்டோம். மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்ததில் ஐந்து பானையில் பள்ளம் காய்ந்தே இருந்தது. ஆறாவதில் நீர் கோத்திருந்தது. உறைந்துகொண்டிருந்தபோது அந்தப் பானையை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள்.